"கெமிஸ்ட்ரி தானே சேர், எல்லாம் ஒண்டுதானே" என்று சொல்லும் வாப்பாமாருக்கு



ஏ.எல் பெறுபேறு வந்ததிலிருந்து என் வீட்டு முன்விறாந்தையில் செருப்புக் குறைவதில்லை. வருகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், பெறுபேற்றுத் தாளையும் கொண்டுவருகிறார்கள். ஆனால் பேசுவது வாப்பா மட்டும்தான். பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த வருடம் நான் அதிகம் கேட்ட வசனம் தலைப்பில் இருக்கிறது. பாமசியும் கெமிஸ்ட்ரி, இரசாயனப் பொறியியலும் கெமிஸ்ட்ரி, சயன்ஸ் பீடமும் கெமிஸ்ட்ரி, ஆகவே கிடைக்கிற எதையாவது எடுத்தால் போதும் என்கிறார்கள். கொஞ்சம் யோசித்த வாப்பாவாக இருந்தால், "பொம்புளப் புள்ளக்கி பாமசிதான் நல்லம் சேர், வீட்டு முன்னுக்கு ஒரு கடய போட்டுக் குடுக்கலாம்" என்பார்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்தப் பேச்சு பிள்ளைகளின் நாலு வருடத்தைத் தின்கிறது. சிலரிடம் காணியையும் தின்றிருக்கிறது. கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும். முழுதாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் எல்லோரும் மறந்துபோகும் ஒரு விடயம். பயோ படித்த பிள்ளை இரசாயனப் பொறியியல் படிக்க முடியாது. கெமிஸ்ட்ரியில் ஏ எடுத்தாலும் முடியாது. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பெளதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். அந்தத் தீர்மானம் ஓ.எல் எழுதிய கையோடு, பதினாறு வயதில், "பயோவா மெத்ஸா" என்று கேட்ட அன்றைக்கே எடுக்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு என் வீட்டுக்கு வந்து கேட்டு பிரயோசனம் இல்லை. இந்த வருடம் மட்டும் நாலு பேரிடம் இதைச் சொல்ல வேண்டிவந்தது. நாலு பேருமே என்னை நம்பாமல் வேறொரு சேரிடம் போனார்கள்.

மெத்ஸ் படித்தவர்களுக்கும் ஒரு தகவல். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் நீங்கள் கேட்பது 'பொறியியல்' என்ற கற்கைநெறியைத்தான். உள்ளே போய் ஆரம்பப் பருவங்களில் எடுக்கும் புள்ளியைப் பார்த்துத்தான் சிவில், மெக்கானிக்கல், இரசாயனம் என்று துறை பிரிப்பார்கள். இரசாயனப் பொறியியலுக்குப் பெயர்போன இடங்கள் மொரட்டுவையும் பேராதனையும். நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஒலுவில் பொறியியல் பீடத்தில் அந்தத் துறை இல்லை. "பக்கத்துல கெம்பஸ் இருக்கு, அங்கேயே கெமிக்கல் படிக்கட்டும்" என்று போன வாரம் ஒருவர் சொன்னார். வாயைத் திறக்க முன் கைநூலைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதில் என் பங்கும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பல வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். ஓ.எல் முடித்துவிட்டு வந்து, "சேர், பெரிய பெரிய தாங்கிகள வெச்சி சாமான் செய்யிற வேல எனக்கு விருப்பம்" என்றான். பத்திரிகையில் சபுகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தின் படத்தைப் பார்த்திருந்தான். எங்கள் பாடசாலையில் அந்த வருடம் மெத்ஸுக்கு ஏழு பிள்ளைகள்தான். இணைந்த கணிதத்துக்கு ஆசிரியரும் நிரந்தரம் இல்லை. நான் சொன்னேன், "பயோ எடு மகன், கெமிஸ்ட்ரி அதிலயும் இருக்குத்தானே." தலைப்பில் இருக்கும் வசனத்தைத்தான் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். அவன் இன்றைக்கு சவூதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் ஒப்பரேட்டர். நல்ல சம்பளம்தான், அல்ஹம்துலில்லாஹ். லீவில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். போகும்போது வாசலில் நின்று, "எனக்கு மேல இருக்கிற இஞ்சினியர் செய்யிற வேலதான் சேர் நான் அண்டைக்கு கேட்டது" என்றான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, மூன்றும் எப்படி வேறு? பெரிய வரைவிலக்கணம் வேண்டாம். உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பனடோலை எடுங்கள். அதற்குள் இருப்பது பரசிற்றமோல். அந்த ஒரு பொருளை மூன்று பேரிடம் கொடுத்துப் பார்ப்போம்.

இரசாயனவியலாளர் அதை ஆய்வுகூடத்தில் ஒரு முகவையில் செய்வார். 4-அமினோபீனோல் 10.9 கிராம் எடுத்து அசற்றிக் நீரிலியுடன் தாக்கமுற வைத்தால், ஒரு துளியும் வீணாகாவிட்டால் 15.1 கிராம் பரசிற்றமோல் வர வேண்டும். மூலர்த் திணிவு 109 மற்றும் 151, ஆகவே பத்தில் ஒரு பங்கு மூல். இந்தக் கணக்கு நம் பதின்மூன்றாம் தரப் பிள்ளைக்கே தெரியும். உண்மையில் செய்யும்போது மீளப் பளிங்காக்கி, வடித்து, உலர்த்திய பிறகு 11 கிராம் அளவில் கையில் வந்தால் நூற்றுக்கு 73. படிக்கிற பிள்ளைக்கு அது மோசமில்லை.

அவருடைய உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கையில் இருக்கும் வெள்ளைத் தூள் பரசிற்றமோல்தான் என்று எப்படிச் சொல்வது? சுத்தமான பரசிற்றமோல் 170 பாகை செல்சியசை ஒட்டி, ஒன்றிரண்டு பாகை இடைவெளிக்குள் உருகும். 162இல் உருகத் தொடங்கி 166 வரை இழுத்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. தூளில் மண்ணிறச் சாயல் தெரிந்தால், தாக்கமுறாத 4-அமினோபீனோல் காற்றுப்பட்டு நிறம் மாறியிருக்கலாம். அது சிறுநீரகத்துக்குக் கூடாத பொருள். எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. எச்.பி.எல்.சி போன்ற கருவியில் போட்டு அளந்து, வந்த எண்ணுக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர் இரசாயனவியலாளர்.

இப்போது அதையே ஒரு தொன் கணக்கில் செய்யச் சொல்லுங்கள். இங்கே இரசாயனவியலாளர் ஒதுங்கிக்கொள்வார், இரசாயனப் பொறியியலாளர் வருவார். தாக்கம் அதேதான், பிரச்சினைதான் வேறு. இந்தத் தாக்கத்தில் வெப்பம் வெளிவரும். 10 சென்டிமீற்றர் பக்கமுள்ள பெட்டியை நினையுங்கள், அதற்குள் 1 லீற்றர் பிடிக்கும், சுற்றியுள்ள பரப்பு 600 சதுர சென்டிமீற்றர். 1 மீற்றர் பக்கமுள்ள பெட்டியில் 1000 லீற்றர் பிடிக்கும், ஆனால் பரப்பு 60,000 தான். ஒரு லீற்றருக்கு 600 ஆக இருந்த பரப்பு 60 ஆகிவிட்டது. வெப்பம் வெளியேறும் வாசல் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. முகவையில் கையால் தொட்டுப் பார்க்கக் கூடியதாக இருந்த அதே தாக்கம், பெரிய தாங்கியில் கட்டுப்பாடு இல்லாமல் சூடேறிக் கொதித்துவிடும். குளிர்நீர்க் குழாயை எப்படிச் சுற்றுவது, நீரிலியை எவ்வளவு மெதுவாக விடுவது, கலக்கி நின்றுபோனால் என்ன செய்வது, பளிங்கை எந்த வேகத்தில் வடிப்பது, மிஞ்சும் அசற்றிக் அமிலத்தை ஆற்றில் விடாமல் எப்படி மீட்பது, இதுதான் அவருடைய படிப்பு. அதில் பாதிக்கு மேல் கணிதமும் பெளதிகமும்தான். புதிய சேர்வை எதையும் அவர் கண்டுபிடிக்கப் போவதில்லை. இரசாயனம் விருப்பம், கணிதம் வெறுப்பு என்கிற பிள்ளை அங்கே போனால் முதல் வருடத்திலேயே வாடிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் மருந்துத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனமே இருக்கிறது. ஆனால் பரசிற்றமோல் தூள் வெளிநாட்டிலிருந்து வருகிறது, இங்கே அதை மாத்திரையாக்குகிறார்கள். ஆகவே இரசாயனப் பொறியியல் படித்த பிள்ளைக்கு உள்ளூரில் வேலை பெரும்பாலும் எண்ணெய் சுத்திகரிப்பிலும், இறப்பர், சிரட்டைக்கரி, சீனி, நீர் சுத்திகரிப்பு போன்றவற்றிலும்தான். ஒரு காலத்தில் நம் பக்கத்தில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் வடக்கில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் முழுவீச்சில் ஓடின. அதைக் கண்ட தலைமுறை "கெமிக்கல் இஞ்சினியர்" என்றால் என்ன என்று கேட்டிருக்காது. இப்போதைய பிள்ளைகள் ஒரு பெரிய ஆலையின் கேற்றைக்கூடக் கண்டதில்லை. ஹிங்குரானை சீனி ஆலை நமது மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. எத்தனை பாடசாலைகள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கின்றன? எங்களுடையதும் போகவில்லை.

இனி மூன்றாவது ஆள், மருந்தாளர். அவரிடம் பனடோல் வரும்போது அது செய்து முடிந்த பொருள். அவருக்கு முன்னால் நிற்பது ஒரு உம்மா, இடுப்பில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை. பிள்ளையின் நிறை 12 கிலோ. பரசிற்றமோல் ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 10 இலிருந்து 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். ஆகவே 120 இலிருந்து 180 மில்லிகிராம். பாணிப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 5 தொடக்கம் 7.5 மில்லிலீற்றர் போதும். நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது.

கடையில் அன்றைக்கு வேறு கம்பனிப் போத்தல்தான் இருக்கிறது, அதில் 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று வையுங்கள். உம்மாவுக்குத் தெரிந்தது "ஒண்டர கரண்டி". போத்தலை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டால், அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் 375 மில்லிகிராம் போகும், இருக்க வேண்டிய உச்ச அளவின் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு நாள் இப்படிக் கொடுத்தால் ஈரலுக்கு ஆபத்து. ஈரல் பழுதாகும்போது முதல் நாளில் வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாது, கொஞ்சம் சத்தி எடுக்கும், அதையும் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிடுவோம். அதே உம்மா, "காய்ச்சல் குறயல்ல, வேற பவர் கூடின மருந்து தாங்க" என்று கேட்பார். டெங்குக் காலத்தில் அந்த இடத்தில் ஐபுபுரோபன் எடுத்துக் கொடுப்பவன் மருந்தாளன் இல்லை, அது இரத்தக் கசிவைக் கூட்டும். "இல்லை தங்கச்சி, இது தர மாட்டேன், பிள்ளைக்கு இரத்தம் சோதித்துப் பாருங்கள்" என்று சொல்லி, வியாபாரத்தை விட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காகத்தான் அந்த நாலு வருடப் படிப்பு.

இதைத்தான் நீங்கள் "வீட்டு முன்னுக்கு ஒரு கடை" என்கிறீர்கள்.

கடை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எழுதினால் ஊரில் பலருக்குப் பிடிக்காது. மருந்துக் கடை நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும், பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் பொறுப்பில் மருந்து கொடுக்கப்பட வேண்டும். அதுதான் சட்டம். நடப்பது என்ன? சான்றிதழ் சுவரில் தொங்கும், அதற்குரியவர் வேறு ஊரில் வேறு வேலை செய்துகொண்டிருப்பார். மாதம் முடியச் சான்றிதழுக்கு வாடகை போகும். கவுண்டரில் ஓ.எல் முடித்த தம்பி நிற்பான். மேலே சொன்ன 12 கிலோப் பிள்ளையின் கணக்கை அவனிடம் கேட்டுப் பாருங்கள். அவனில் பிழை இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னிடம் ஒரு வாப்பா வெளிப்படையாகவே சொன்னார், "படிச்சி முடிஞ்சா வேலைக்குப் போகாட்டியும் பரவால்ல சேர், சேட்டிபிகட்ட குடுத்தா மாசாமாசம் வரும்தானே." கலியாணப் பேச்சிலும் இது ஒரு வரும்படியாகக் கணக்கிடப்படுகிறது. மகளின் பெயர் போட்ட பத்திரத்துக்குக் கீழே ஒரு பிள்ளைக்குப் பிழையான மருந்து போனால், சட்டத்தின் முன் நிற்கப் போவது உங்கள் மகள். மறுமையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது காசு கொடுத்துப் படிப்பிக்கப் போகிறவர்களுக்கு. இலங்கையில் மருந்தாளராக வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். எஸ்.எல்.எம்.சி என்றதும் கட்சியை நினைக்க வேண்டாம், இது வேறு. கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, யாழ்ப்பாணம் ஆகிய அரச பல்கலைக்கழகங்களின் பி.பாம் பட்டத்தை எடுத்தவருக்கு அந்தப் பாதை தெரிந்த பாதை. ஏஜென்சிக்காரர் காட்டும் பளபளப்பான புத்தகத்தில் உள்ள பட்டத்துக்கு அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'பாமசி' என்பதும் 'பாமசூட்டிகல் சயன்ஸ்' என்பதும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் மருந்து உற்பத்தி, ஆய்வு பற்றிய படிப்பு. அது கூடாத படிப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு வந்து மருந்தாளராகப் பதிவு கேட்டால் கிடைக்கும் என்று நீங்களாக நினைக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு ஏக்கர் வயலை விற்று மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியது. பட்டமும் வந்தது, படமும் எடுத்தார்கள், பேனரும் கட்டினார்கள். பதிவுக்குப் போனபோதுதான் அந்த இடத்துப் பட்டம் பற்றிய கேள்வியே எழுந்தது. அனுப்பிய ஏஜென்சியின் போன் அதற்குள் வேலை செய்யவில்லை. பையன் இப்போது ஒரு கம்பனிக்கு மருந்து விற்பனைப் பிரதிநிதியாக மோட்டார் சைக்கிளில் திரிகிறான். கண்ணியமான தொழில்தான். ஆனால் அதற்கு வயல் விற்க வேண்டியிருக்கவில்லை. முற்பணம் கட்ட முன் மருத்துவ சபைக்கு ஒரு கடிதம் எழுதி, நிறுவனத்தின் பெயரையும் பட்டத்தின் முழுப் பெயரையும் குறிப்பிட்டு, பதிவுக்கு ஏற்பீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் எடுங்கள். ஏஜென்சிக்காரர் வாயால் சொன்னது பதில் இல்லை. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கடைசியாக, எல்லோரும் முகம் சுளிக்கும் சயன்ஸ் பீடம். "அதப் படிச்சா டீச்சராத்தானே வரணும் சேர்" என்று ஒரு டீச்சரின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். பரவாயில்லை, பழகிவிட்டது.

அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. சயன்ஸ் பீடத்துக்குள் போகும் பிள்ளைக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று மூன்று வருடப் பொதுப் பட்டம், இரசாயனத்தோடு வேறு இரண்டு பாடமும் சேர்த்து. மற்றது நாலு வருடச் சிறப்புப் பட்டம், கடைசிக் காலம் முழுதும் இரசாயனம், ஆய்வு வேலை ஒன்றும் செய்ய வேண்டும். இரண்டாவதுக்கு எல்லோரையும் எடுக்க மாட்டார்கள். ஆரம்ப வருடங்களின் புள்ளியைப் பார்த்து மட்டுப்படுத்தப்பட்ட தொகையைத்தான் எடுப்பார்கள். நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டுப் போய், முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் விரிவுரை. பழகி நிமிர்வதற்குள் முதல் வருடம் முடிந்துவிடும், அந்தப் புள்ளி கடைசி வரைக்கும் துரத்தும். நானும் அப்படித்தான் மூன்று வருடத்தோடு இறங்கினவன். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று.

சிறப்புப் பட்டத்தோடு இறங்கிய என் வகுப்புத் தோழர்களில் ஒருவர் நீர் வழங்கல் சபையில் இரசாயனவியலாளர். இன்னொருவர் உணவுத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு. அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் கதவும் இவர்களுக்குத்தான் திறக்கும். நல்ல புள்ளி எடுத்த சிலர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். அங்கே இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் செய்யும் மாணவருக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, கீழ் வகுப்புகளின் செயன்முறையை நடத்தும் வேலையும் கொடுத்து, மாதச் செலவுக்குப் பணமும் கொடுப்பது வழக்கம். வயல் விற்காமல் வெளிநாடு போன பிள்ளைகள் இவர்கள்தான். பொதுப் பட்டத்தோடு இறங்கினால் பெரும்பாலும் அரசாங்கம் பட்டதாரிகளை எடுக்கும் வரைக்கும் காத்திருப்பதுதான். ஆக, "சயன்ஸ் எடுத்தா என்ன கிடைக்கும்" என்று கேட்காமல், "சிறப்புக்கு எடுபடும் அளவுக்கு முதல் வருடத்தில் இங்கிலீசோடு போராடுவாயா" என்று பிள்ளையிடம் கேளுங்கள். கெம்பஸ் தொடங்கும் வரைக்கும் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கப் போகிறதே, அந்தக் காலத்தில் இங்கிலீசு இரசாயனப் புத்தகம் ஒன்றை எடுத்து, தெரிந்த பாடத்தையே திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். வேறு ட்யூஷன் ஒன்றும் வேண்டாம்.

கெம்பஸே கிடைக்காத பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறது, நம் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. இராஜகிரியவில் இருக்கும் இலங்கை இரசாயனவியல் நிறுவனம் 1979 இலிருந்து தனது பட்டதாரிக் கற்கையை நடத்திவருகிறது. நாலு வருடம். இரசாயனச் சிறப்புப் பட்டத்துக்குச் சமமாக மதிக்கப்படுகிறது. காசு கட்டித்தான் படிக்க வேண்டும், ஆங்கிலத்தில்தான், கொழும்பில் தங்கும் செலவும் உண்டு. ஆனாலும் ஏஜென்சிக்காரர் கேட்கும் தொகையைப் பக்கத்தில் வைத்து ஒருதரம் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த வருடம் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். என் மாணவி ஒருத்தி, பயோ, இரசாயனவியலில் ஏ, மற்ற இரண்டிலும் பி. வைத்தியத்துக்குப் போதாது. உயிரியல் விஞ்ஞானம் எங்காவது கிடைக்கும், பாமசி இழுபறி. வாப்பாவுக்குப் பாமசிதான், மேலே சொன்ன அதே கடைக் கனவு. உம்மாவுக்குத் தூர இடம் என்றால் பயம். பிள்ளை மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தனியாக வந்து, "சேர், எனக்கு ஆளுகளோட கதைக்கிற வேல சரிவராது. டைட்ரேசன்ல கடைசித் துளி விழக்குள்ள கலர் மாறுமே, அது மாதிரி வேல ஈக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். பிறகு வாப்பாவையும் கூப்பிட்டு மூவரும் இருந்து விருப்பத் தெரிவுகளை நிரப்பினோம். இங்கே ஒரு நுணுக்கம். பிள்ளை எழுதிய வரிசையில் மேலிருந்து கீழே பார்த்து, இஸட் புள்ளி போதுமான முதலாவது இடத்தைத்தான் கொடுப்பார்கள். பெயருக்காகப் பாமசியை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், கீழே எழுதிய விருப்பம் கணக்கில் வராது. நம் மாவட்டம் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று, மாவட்டக் கோட்டாவும் அதற்கான ஐந்து வீதமும் இருப்பதால், எதிர்பாராத இடத்துக்கும் எடுபடலாம். ஆகவே கிடைக்காது என்று நினைத்து எதையும் மேலே எழுதக் கூடாது. அவள் பயோவிலிருந்து இரசாயனச் சிறப்புக்குப் போகக்கூடிய பீடங்கள் எவை என்று ஒவ்வொரு பீடத்தின் கைநூலிலும் பார்த்தோம், அவற்றை மேலே போட்டோம். பாமசியை அதற்குக் கீழே போட்டோம்.

வாப்பா என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. நேற்று ஜும்ஆ முடிந்து வரும்போது சலாம் சொன்னார், அவ்வளவுதான், நிற்கவில்லை.

இணையத்தில் விண்ணப்பம் நிரப்ப இருப்பவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். இந்த வருடக் கைநூலையும் பெறுபேற்றுத் தாளையும் கொண்டுவாருங்கள். பழைய வருடத்தின் கைநூல் வேண்டாம். வாப்பா வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை கட்டாயம் வர வேண்டும். இந்த வருடம் ஓ.எல் எழுதும் பிள்ளைகள் இருக்கிற வீட்டார்தான் முதலில் வர வேண்டியவர்கள், அவர்களுக்குத்தான் இன்னும் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது.